பெண் பிள்ளைகளுக்கு அறை விடும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கங்களில் கல்லூரிப் பெண்களுக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் வீட்டில் அறை விடுகிற அக்கா, தங்கைகளுக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு அறைகள். ஒன்பது பெண்கள் தங்குகிறார்கள். சமையல் கீழே என் அடுப்பில். நான் இந்த மடலை எழுதுவது நாம் போடும் விளம்பரத்தைப் பற்றி. “பெண்களுக்கு மட்டும். பாதுகாப்பான இடம். வீட்டுச் சாப்பாடு. 24 மணி நேரத் தண்ணீர்.” பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டினாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இந்த நான்கு வரிதான். நானும் முதல் இரண்டு வருடம் இதையேதான் போட்டேன். அதில் ஒரு வரிகூட, வெளியூரிலிருந்து வரும் பிள்ளை முடிவெடுக்க உதவாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

புரிய வைத்தவள் ஒரு நர்ஸ் பிள்ளை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து, இதே நான்கு வரி விளம்பரம் ஒன்றைப் பார்த்து, வேறொரு வீட்டில் பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கட்டிச் சேர்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் இரவு எட்டரைக்குக் கேட் அடைப்பு. அது விளம்பரத்தில் இல்லை. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்த பிறகு சொல்லியிருக்கிறார்கள். முதல் வாரம் காலை டியூட்டி, பிரச்சினை இல்லை. அடுத்த வாரம் மாலை டியூட்டி. பகல் இரண்டு மணிக்குப் போனால் இரவு எட்டுக்கு முடியும். ஆனால் எட்டு மணிக்கு யாரும் கிளம்ப முடியாது. அடுத்து வருபவளிடம் ஒவ்வொரு நோயாளியின் மருந்தும் சொல்லி ஒப்படைக்க எட்டே கால், எட்டு இருபது ஆகிவிடும். ஷேர் ஆட்டோ பிடித்து இறங்கி நடந்து வர எட்டு ஐம்பது. மூன்றாம் நாள் கேட்டுக்கு வெளியே, தெரு விளக்கு இல்லாத இடத்தில், இருபது நிமிடம் நின்றிருக்கிறாள். பாதுகாப்புக்காகப் போட்ட விதிதான் அவளை இருட்டில் நிறுத்தியது. காலி செய்கிறேன் என்றதற்கு ஒரு மாத வாடகையும் சுண்ணாம்பு அடிக்கும் செலவும் கழித்து, கையில் கொடுத்தது மூவாயிரத்துச் சொச்சம். பன்னிரண்டு நாள் தங்கிய அறைக்கு என்ன சுண்ணாம்பு?

நேரக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் ஒன்பது மணிக்குக் கேட் பூட்டுவேன். ஆனால் டியூட்டி உள்ள பிள்ளை சேரும்போதே ரோஸ்டரின் படத்தை எனக்கு அனுப்பிவிட வேண்டும். மாலை டியூட்டி நாட்களில் அவள் கிளம்பும்போது போன் செய்வாள், நான் கேட்டுக்குப் போய் நிற்பேன். இரவு டியூட்டி முடிந்து காலையில் வந்து தூங்குகிறவளை எழுப்பக் கூடாது என்று மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். சென்னை ரயிலில் விடியுமுன்பே வந்து இறங்குகிற பிள்ளைக்கும் இதே ஏற்பாடுதான், முந்தின நாள் சொன்னால் போதும். இதையெல்லாம் மூன்று வரியில் விளம்பரத்திலேயே எழுதிவிடலாம். எழுத மனமில்லை என்றால், “இரவு எட்டரைக்கு மேல் அனுமதி இல்லை, கல்லூரி மாணவிகளுக்கு மட்டும்” என்றாவது போடுங்கள். நர்ஸ் பிள்ளை வேறு வீடு பார்த்துக்கொள்வாள், அவள் பணமும் தப்பும்.

அடுத்தது தண்ணீர். நம் ஊர்த் தண்ணீர் நமக்குத் தெரியும், வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. போரில் வருவது உப்புத் தண்ணீர். அதில் குளித்தால் சோப்பு நுரைக்காது, முடி கயிறு மாதிரி ஆகிவிடும், பருப்பு வேகாது. காவிரித் தண்ணீர் குழாயில் எல்லாத் தெருவுக்கும் தினமும் வருவதில்லை. அப்படியிருக்க “24 மணி நேரத் தண்ணீர்” என்றால் எந்தத் தண்ணீர்? கோயம்புத்தூர்ப் பிள்ளை அதை நல்ல தண்ணீர் என்றுதான் படிப்பாள். நான் இப்போது இரண்டாகப் பிரித்து எழுதுகிறேன். குளிக்க, துவைக்க உப்புத் தண்ணீர், எப்போதும் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். தலைக்குக் குளிக்க வாரம் இரண்டு நாள் ஆளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர். கணக்கும் பார்த்துவிட்டேன். ஒன்பது பேர் குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் 27 லிட்டர், சமையலுக்கு இன்னொரு 30 லிட்டர். ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் மூன்று. இந்தச் செலவை மாதக் கட்டணத்துக்குள் வைத்திருக்கிறேன். தனியாக வாங்குகிற வீடுகள் அதைத் தொகையோடு சொல்லிவிட வேண்டும். கட்டணம் குறைவு என்று நம்பி வந்தவள் மாதம் முழுக்கக் கேனுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தால் அது ஏமாற்றியதாகத்தானே ஆகும்?

அப்புறம் சாப்பாடு. “வீட்டுச் சாப்பாடு” என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அர்த்தம். பிள்ளைகள் போனில் என்னிடம் கேட்பது வேறு. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் டிபன் தயாராக இருக்குமா? மதியத்துக்கு டப்பாவில் கட்டித் தருவீர்களா? மீன் வைக்கும் சட்டியிலேயே சாம்பார் வைப்பீர்களா? நோன்பு மாதத்தில் சஹருக்கு என்ன செய்வீர்கள்? என் பதில்களை விளம்பரத்தில் போட்டுவிட்டேன். ஆறரைக்கு டிபனும் மதிய டப்பாவும் தயார். சைவத்துக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்கு இரவே சோறும் குழம்பும் எடுத்து வைத்துவிடுவேன், அவர்களே சூடாக்கிக்கொள்ளலாம். நாலு மணிக்கு எழுந்து புதிதாகச் சமைக்க என் உடம்பு ஒத்துழைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மீன் விஷயத்தில் நம் பக்கத்தில் பலர் தவறுகிறோம். “தினமும் மீன்” என்று போட்டால் கடற்கரை ஊர் என்று நம்பி வருகிறார்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப் படகு மீன்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப் படகில் வருகிற கொஞ்ச மீன் ஆனை விலை விற்கும். அந்த இரண்டு மாதம் நான் வாரம் இரண்டு நாள் முட்டைக் குழம்பும் ஒரு நாள் கருவாட்டுக் குழம்பும் வைக்கிறேன். விளம்பரத்தில் “வாரம் மூன்று நாள் மீன், தடைக்காலத்தில் முட்டை, கருவாடு” என்று இருக்கிறது. போன வருடம் மே மாதம் ஒரு பிள்ளைகூட என்னிடம் முகம் சுளிக்கவில்லை. ஊருக்குப் போகிற நாட்களுக்குச் சாப்பாட்டுக் காசு கழிப்பேன் என்றும் எழுதியிருக்கிறேன். தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் போனால், முதல் நாளே சொல்லியிருந்தால், நாளுக்கு 80 ரூபாய்.

பாதுகாப்பு. இந்த ஒரு சொல்லை நாம் தேய்த்துவிட்டோம். கேமரா இருக்கிறது என்று எழுதினால் போதாது. எங்கே இருக்கிறது, பதிவை யார் பார்க்கிறார்கள் என்று எழுத வேண்டும். என் வீட்டில் இரண்டு. ஒன்று வாசல் கேட்டைப் பார்க்கிறது, ஒன்று மாடிப்படியின் அடியை. குளியலறைக்குப் போகிற நடையில் கிடையாது. பதிவைப் பார்ப்பது நான் மட்டும். ஒவ்வொரு அறைக்கும் உள்தாழ்ப்பாள் உண்டு, மாற்றுச் சாவி என்னிடம். என் மகன் கீழே இருக்கிறான், மாடிக்கு ஏற மாட்டான். தண்ணீர்க் கேன்காரரும் கேஸ்காரரும் கீழேயே வைத்துவிட்டுப் போவார்கள். பெண் பிள்ளையின் தாய் இதையெல்லாம் நேரில் கேட்கக் கூச்சப்படுவார். நாம் முந்திக்கொண்டு எழுதிவிட்டால் அவருக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் சுவரில் ஒட்டும் தாளில் முழு முகவரி வேண்டாம். இந்தக் கதவு எண்ணில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று ஊருக்கே சொல்வது எதற்கு? பகுதியின் பெயர், ஒரு அடையாளம், போன் எண். போனில் பேசியவருக்கு முகவரி. வீட்டை வந்து பார்ப்பதற்கு முன் யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள், முன்கூட்டி ஜிபே அனுப்பச் சொல்லாதீர்கள். இல்லாத அறைக்கு விளம்பரம் போட்டுப் பணம் பறிப்பவர்கள் செய்வது அதைத்தான். நாமும் அதையே செய்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

உரிமம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்களைத் தங்க வைக்கும் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். நாலு அறைதானே, வீடுதானே என்று பலர் இருந்துவிடுகிறோம். நானும் இருந்தேன். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று சான்றிதழ்களுக்கு அலைச்சல் உண்டுதான். கையில் உரிமம் வந்ததும் அதன் எண்ணை விளம்பரத்தில் போடுங்கள். சமைத்துப் போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்ய வேண்டும்.

இப்போது என் வீட்டு வாசலில் இருக்கும் தாளின் முக்கியமான வரிகளைத் தருகிறேன், மேலே சொன்ன மற்றவற்றை விட்டுவிட்டேன். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

“மாணவிகள், வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறை. உரிமம் பெற்றது, எண் கீழே. ஒரு அறையில் இருவர் அல்லது மூவர், கட்டில், பூட்டுள்ள அலமாரி. மாதம் 5,500 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடு, குடிநீர், மின்சாரம் இதில் அடங்கும். அட்வான்ஸ் 5,500. காலி செய்ய 15 நாள் முன்பு சொன்னால் முழுத் தொகையும் அன்றே திருப்பித் தரப்படும். குளிக்க உப்புத் தண்ணீர். இரவு 9 மணிக்குக் கேட் பூட்டப்படும், டியூட்டி உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. தாய், சகோதரி மாடிக்கு வரலாம். தந்தை, சகோதரர் கீழ் முற்றத்தில் சந்திக்கலாம். அறையில் ஹீட்டர், அடுப்பு கூடாது. வீட்டுக்காரம்மா இதே வீட்டில் கீழே இருக்கிறார். நேரில் பார்த்த பிறகே பணம்.”

அந்த நர்ஸ் பிள்ளை இந்தத் தாளைப் படித்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “கேட்டுக்கு வெளியே லைட் இருக்கா அக்கா?” அன்று இல்லை. மறுநாள் போட்டேன். நீங்களும் இன்று இரவு ஒருமுறை வெளியே போய் நின்று பாருங்கள்.