98 பர்சென்ட்டுக்கு கை தட்டுற ப்ராஜெக்ட் ரிவ்யூ பேனலுக்கு ஒரு திறந்த மடல்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போடுற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் எம்பெடட் வேலைல இருக்கேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு காலேஜுக்கு ரிவ்யூவுக்கு வெளி ஆளா வந்திருந்தேன், பேரெல்லாம் வேண்டாம். ஒரு பையன் டேபிள் ஃபேன் ஒண்ண தூக்கிட்டு வந்தான், "போடு"ன்னா ஓடும், "நிறுத்து"ன்னா நிக்கும், நெட்டே தேவையில்ல, மைக் வச்ச ஒரு சின்ன போர்டு, ரேம் வெறும் 256 கேபி. ஸ்லைடுல பெருசா "அக்யூரசி 98%". எல்லாரும் தலையாட்டிட்டு இருக்கும்போது ஒரு மேடம் "ஃபேனை நிறுத்தாதப்பா, வேர்க்குது"ன்னாங்க. டக்குனு ஃபேன் நின்னுடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, பையன் முகம் செத்துப்போச்சு, ஆனா தப்பு அவன் மேல மட்டும் இல்லங்க, அந்த 98ஐ கேட்டு வாங்குனது நாம தான்.

அந்த போர்டு நாம பேசுறத எழுத்தா மாத்தறதில்ல, அதுக்கு அங்க இடமும் கிடையாது. கடைசி ஒரு செகண்ட் சத்தத்த மட்டும் கைல வச்சிருக்கும், அதை 20 மில்லிசெகண்ட் நகர்ந்து நகர்ந்து, 30 மில்லிசெகண்ட் நீளத்துக்கு ஒரு துண்டா எடுத்து, ஒவ்வொரு துண்டுலயும் எந்த ஸ்ருதில எவ்ளோ சத்தம்னு 40 கட்டத்துல நிரப்பும். மொத்தத்துல 49க்கு 40ல ஒரு குட்டி படம் மாதிரி. அதைப் பாத்து மாடல் நாலு ஸ்கோர் சொல்லும்: போடு, நிறுத்து, வேற ஏதோ பேச்சு, சும்மா இருக்கு. அவ்ளோதான். அதுக்கு தமிழும் தெரியாது அர்த்தமும் தெரியாது, படத்தோட சாயல் தான் தெரியும்.

இப்ப அந்த 98 எங்கருந்து வந்துச்சுன்னா, அழகா வெட்டி வச்ச ஒரு செகண்ட் க்ளிப்புங்கள்ல டெஸ்ட் பண்ணினது. ஆனா மேசைல வச்ச மைக்குக்கு யாரும் வெட்டிக் குடுக்க மாட்டாங்க. அது செகண்டுக்கு 10 தடவ முடிவு எடுக்குது, மணிக்கு 36,000 தடவ. அதுல 2 பர்சென்ட் தப்புன்னா 720. பக்கத்து பக்கத்து முடிவெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சத்தத்த தான் பாக்குது, அதனால தப்பும் கொத்து கொத்தா வரும், நெஜத்துல 720 தடவ நிக்காது தான். அன்னைக்கு சாயங்காலம் நானும் அந்தப் பையனும் லேப்ல ஒரு மணி நேரம் டிவி சீரியல் ஓடவிட்டு எண்ணினோம், 41 தடவ ஃபேன் தானா ஆடுச்சு. வீட்ல ஒரு நாளைக்கு பத்து தடவ "நிறுத்து" சொன்னா பெரிய விஷயம்.

"நிறுத்தாத" கதை தான் எனக்கு ரொம்ப சுவாரசியம். நம்ம வினைச்சொல்லுல முக்கியமான சேதி வால்ல இருக்கு. நிறுத்து, நிறுத்தணும், நிறுத்தாத, எல்லாத்துக்கும் தலை ஒண்ணு தான். "நிறுத்து"ல கடைசி உகரம் வேற, ஸ்கூல்ல படிச்ச அதே குற்றியலுகரம், பாதி மாத்திரை, பேச்சுல காதுல விழுறதே கஷ்டம். இந்தப் பையன் க்ளிப் எல்லாத்தையும் வார்த்தை முடிஞ்ச எடத்துலயே கரெக்டா நறுக்கிட்டான். அப்ப மாடல் "நிறுத்த்" வரைக்கும் கேட்டவுடனே குதிக்குது, பின்னாடி என்ன வருதுன்னு பாக்கணும்னே அதுக்கு யாரும் சொல்லித் தரல.

மறுபடி ட்ரெயின் பண்ணும்போது வார்த்தைக்கு அப்புறம் 300 மில்லிசெகண்ட் இடம் விட்டோம், நிறுத்தாத, நிறுத்தணும், திருத்து மாதிரி சொல்லெல்லாம் பேச வச்சு "வேற பேச்சு"ல போட்டோம். அப்புறம் ஒரே ஒரு ஸ்கோரை நம்பாம கடைசி அஞ்சு ஸ்கோரோட சராசரி 0.85 தாண்டினா தான் ரிலே அடிக்கணும், ஒரு தடவ அடிச்சா ஒன்றரை செகண்ட் காத மூடிக்கணும்னு வச்சோம். அதே சீரியலுக்கு 41 போய் 3 ஆச்சு. சும்மா கிடைக்கல, ஃபேன் இப்ப அரை செகண்ட் கிட்ட லேட்டா தான் நிக்குது, 20 தடவ கூப்பிட்டா 2 தடவ கண்டுக்காது, டிவி ஓடிட்டு இருந்தா இன்னும் மோசம். 0.85ஐ 0.7 ஆக்குனா கண்டுக்காம விடுறது குறையும், பொய்யா நிக்கறது ஏறும்.

அதனால என்னோட வேண்டுகோள், மார்க் ஷீட்ல அக்யூரசி கட்டத்த அடிச்சிட்டு ரெண்டு கட்டம் போடுங்க: மணிக்கு எத்தன தடவ யாரும் கூப்பிடாமயே அடிக்குது, 20 தடவ கூப்பிட்டா எத்தன தடவ கேக்கல. ரெண்டும் ஒரே த்ரெஷோல்டுல எடுத்ததா இருக்கணும், இல்லன்னா பசங்க ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு வச்சு அழகா காட்டிடுவாங்க (நானும் ஒரு காலத்துல பண்ணவன் தான்). டெஸ்ட்டுக்கு உங்க ஸ்டாஃப் ரூம் லஞ்ச் டைம் பேச்சு ஒரு மணி நேரம் ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க, பசங்க கைல முன்னாடியே குடுத்துடாதீங்க, அதையும் வச்சு ட்ரெயின் பண்ணிட்டு வந்து நிப்பாங்க.