அடையாள அட்டை போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

"கேஸ் செக்கிங்", "ஈபி ஆபீஸிலிருந்து வர்றோம்" என்று சொல்லி வருபவர்களிடம் கவனமாக இருக்கும்படி, சென்னையில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட் அருகே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது ஒரே வரிதான்: "அடையாள அட்டையைப் பார்த்த பிறகே உள்ளே விடவும்." ஒரு சங்கச் செயலாளராக, அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அசல் அட்டை எப்படி இருக்கும் என்று வாசலில் நிற்கும் நமக்குத் தெரியாது. போட்டோவும் முத்திரையும் கழுத்துப் பட்டையும் கொண்ட ஓர் அட்டையைச் செய்துகொள்வது யாருக்கும் கடினமில்லை.

அதேபோல், வந்தவர் நம் பெயரையும் இணைப்பு எண்ணையும் சரியாகச் சொல்வதால் அவர் அசல் ஆள் ஆகிவிட மாட்டார். கீழே மீட்டர் போர்டில் ஒவ்வொரு மீட்டரின் மேலும் இணைப்பு எண்ணையும் ஃபிளாட் எண்ணையும் நாமே பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். பெயர்ப் பலகை அதே சுவரில்தான் இருக்கிறது. சிலிண்டர் ரசீதைக் கிழிக்காமல் குப்பையில் போட்டால் கேஸ் நுகர்வோர் எண்ணும் அதோடு போகிறது.

எங்கள் அறிவிப்பு ஒரே விதியில் நிற்கிறது: வந்தவர் தரும் எதையும் வைத்து அவரைச் சரிபார்க்கக் கூடாது. அவருடைய அட்டை, அவர் காட்டும் கடிதம், "எங்க சார்கிட்ட பேசுங்க" என்று அவர் நீட்டும் போன் எல்லாம் இதில் அடக்கம். அலுவலக எண்ணை நாமே முன்கூட்டி எடுத்து வைத்திருக்க வேண்டும். நம் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகம், கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி, மாநகராட்சியின் 1913, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, கேஸ் கசிவுக்கான 1906 ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, செக்யூரிட்டி மேசையில் வைத்திருக்கிறோம். ஒரே கட்டடத்தில் மூன்று நான்கு கேஸ் ஏஜென்சிகள் இருக்கலாம் என்பதால், எந்த ஃபிளாட்டுக்கு எது என்ற பட்டியலும் கூடவே வேண்டும்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 11 மணி. இரண்டாம் மாடியில் வயதான அம்மா மட்டும் இருக்கிறார். கேஸ் கட்டாயச் சோதனை என்று ஒருவர் வருகிறார். செக்யூரிட்டி அவரை கேட்டிலேயே உட்காரவைத்து, பெயர், எந்த ஏஜென்சி, எந்த ஃபிளாட், என்ன வேலை என நான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டு செயலாளரைக் கூப்பிடுகிறார். செயலாளர் ஏஜென்சிக்குப் போன் செய்கிறார். இங்கே கேள்வியைக் கேட்கும் விதம் முக்கியம். "குமார்னு ஒருத்தரை அனுப்பினீங்களா?" என்று கேட்டால், வேலை மும்முரத்தில் இருப்பவர் "ஆமாங்க" என்று சொல்லிவிடுவார். "இன்னைக்கு எங்க தெருவுக்கு யாரை அனுப்பியிருக்கீங்க, எதுக்கு?" என்று கேட்க வேண்டும். பெயரும் வேலையும் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். நோட்டில் இருப்பதோடு பொருந்தினால், சங்க உறுப்பினர் ஒருவர் கூடப் போய், வேலை முடியும்வரை அந்த அம்மாவுடன் நிற்பார். யாரும் போனை எடுக்கவில்லை என்றால் சோதனை இன்னொரு நாள்.

இதில் அடிக்கடி சறுக்கும் இடம் கேட்தான். செக்யூரிட்டி மேலே அனுப்பிவிட்டாரே, அவர் விசாரித்திருப்பார் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார்; வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று செக்யூரிட்டி நினைக்கிறார். யாருமே விசாரித்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, "எதிர் வீட்ல முடிச்சிட்டோம்மா" என்ற பேச்சு. முதல் கதவு திறந்தால் அந்த மாடி முழுக்கத் திறந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் இன்டர்காமில் "சரிபார்த்தாயிற்று, அனுப்பலாமா?" என்று தனித்தனியாகக் கேட்கச் சொல்லியிருக்கிறோம். அந்தக் குரல் வராமல் மணி அடித்தால் கதவைத் திறக்க வேண்டாம்.

வேலை எப்படி நடக்கிறது என்பதும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கேஸ் கட்டாயச் சோதனை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவது. ஏஜென்சி மெக்கானிக் ரெகுலேட்டரைக் கழற்றி வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்ப்பார், சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பார், டியூபின் மேல் அச்சாகியிருக்கும் ஆண்டைப் படிப்பார். போலி ஆள் டியூபை ஒருமுறை வளைத்துவிட்டு "வெடிச்சிடும்மா" என்பார். பையிலிருந்து ஒரு டியூபையோ 'சேஃப்டி' கருவியையோ எடுப்பார். டியூபை நீங்களே படித்துப் பாருங்கள்: ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் ஆயுள் ஐந்து ஆண்டு. ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே எந்தக் கருவியையும் மாட்ட விடக் கூடாது. சோதனைக் கட்டணத்தை ஏஜென்சியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதில் ஏஜென்சி பெயரும் உங்கள் நுகர்வோர் எண்ணும் இருக்க வேண்டும். சிலிண்டர் டெலிவரிக்காக போனில் வரும் ரகசிய எண்ணைச் சோதனைக்கு வருபவரிடம் சொல்ல எந்தத் தேவையும் இல்லை.

மின்வாரியக் கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மீட்டர்கள் கீழே இருக்கும் கட்டடத்தில் அவருக்கு மாடியில் வேலை இல்லை. ரீடிங் எடுக்க ஃபிளாட்டுக்குள் வர வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். பாக்கி இருக்கிறது, இப்போதே கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவேன் என்பது பயமுறுத்தல் மட்டுமே. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, பாக்கிக்காகத் துண்டிக்க 15 முழு நாள் எழுத்து அறிவிப்பு தர வேண்டும். ஆய்வுக்கு உள்ளே விடவில்லை என்பதற்காகத் துண்டிப்பதானாலும், 163ஆம் பிரிவு எழுத்து அறிவிப்பு கொடுத்து 24 மணி நேரம் கழிய வேண்டும் என்கிறது. ஆகவே பிரிவு அலுவலகத்துக்குப் போன் செய்ய நமக்கு நேரம் இருக்கிறது. பணத்தைக் கவுன்டரிலோ வாரியத்தின் இணையதளத்திலோ கட்டுங்கள். வந்தவர் போனில் காட்டும் க்யூஆர் கோடில் வேண்டாம்.

மின்திருட்டுச் சோதனை மட்டும் வேறு வகை. அது முன்கூட்டிச் சொல்லாமல் வரும், தடுக்கவும் கூடாது. ஆனால் 135ஆம் பிரிவில் அதற்கும் வரம்பு இருக்கிறது. சூரியன் மறைந்து மறுநாள் உதிக்கும்வரை, அந்த வீட்டில் வசிக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் இல்லாமல் வீட்டைச் சோதிக்கக் கூடாது. எதையாவது கைப்பற்றினால் பட்டியல் எழுதி, குடியிருப்பவரிடம் கையெழுத்து வாங்கி, அதை அவரிடமே கொடுக்க வேண்டும். பட்டியல் தராமல் மீட்டரையோ வயரையோ எடுத்துப்போக முனைந்தால் 100க்குக் கூப்பிடுங்கள்.

"யாரையும் உள்ளே விடாதீர்கள்" என்று எழுதுகிற சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் வரும் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல்தான் வருவார்கள். ஃபிரிட்ஜின் பின்தட்டிலும் பால்கனித் தொட்டியிலும் தேங்கிய நீரை அவர்கள் உள்ளே வந்துதான் பார்க்க முடியும். வெயிலில் படியேறி வரும் அந்தப் பெண்களைத் திருடர்களைப் போல விரட்டுவது மிகவும் தவறு. மண்டல அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யும்வரை நிழலில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "ஒரு போன் பண்ணிக்கிறோம்மா" என்று சொல்லும்படி செக்யூரிட்டிக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

எண்கள் மாறும். அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, மேசையில் உள்ள எல்லா அலுவலக எண்களையும் ஒருமுறை அழைத்துப் பார்த்து, தாளின் அடியில் தேதி போடுவது எங்கள் வழக்கம். இந்த அறிவிப்பை எந்தச் சங்கமும் தங்கள் எண்களைச் சேர்த்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர், அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்,
சென்னை.