பணி முடியாவிட்டாலும் கூலி தாருங்கள்

பரிசோதகர் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

செயலியைப் பாவித்துப் பார்த்தபடி, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பதிவுசெய்து, செவ்வாய்க்கிழமை நான் அனுப்பிய சோதனைப் பதிவை, 'பணி நிறைவடையவில்லை' என்று வாடிக்கையாளர் தள்ளிவிட்டதாகவும், அதனால் 10 டொலர் கிடையாது என்றும் ஒரே வரியில் அறிவித்திருந்தீர்கள். இரண்டு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே மாடி அறை எனக்கு. பதிவு என்றால் யன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்த்தபடி கதைக்க வேண்டும். அன்றும் பாண் ஓட்டோ தன் பாட்டோடு ஒழுங்கையைத் தாண்டும்வரை காத்திருந்துதான் தொடங்கினேன்.

சோதிக்கத் தந்தது, இன்னும் முழுதாகச் செய்து முடிக்காத மருந்துக்கடைச் செயலி ஒன்றின் மாதிரி வடிவம். மூன்றாவது பணி, முகவரியை மாற்றுவது. முகவரியைத் தட்டினேன், அசையவில்லை. பக்கத்திலிருந்த பென்சில் படத்தைத் தட்டினேன், அதுவும் அசையவில்லை. எதைத் தட்டப் போகிறேன், என்ன திறக்கும் என்று நினைக்கிறேன், என்ன நடந்தது என்று நான்கு நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்படித்தானே கதைக்கச் சொல்லித் தந்தீர்கள்? வடிவமைத்தவர் இணைத்துவைத்த இடத்தைத் தட்டினால்தான் மாதிரி அடுத்த திரைக்குப் போகும். அவர் நினைக்காத வழியில் போகிறவர் நின்றுவிடுவார். எங்கே நிற்கிறார் என்று அறியத்தான் இந்தச் சோதனையே. அதைக் காட்டியவளுக்குக் கூலி இல்லையா?

பணி முடியாத பதிவுக்கும் கூலி தாருங்கள்.

20 நிமிடத்துக்கு 10 டொலர் என்றால் மணிக்கு 30 என்று விளம்பரத்தில் வடிவாகத்தான் தெரிகிறது. அந்த வாரம், சோதனைக்கு நான் பொருத்தமா என்று பார்க்க நீங்கள் முதலில் கேட்கும் தகுதிகாண் கேள்விகளுக்கு 31 தடவை பதில் எழுதினேன். தடவைக்கு 2 நிமிடம் வைத்தாலும் 62 நிமிடம், ஒரு சதம் இல்லாமல். கிடைத்தவை இரண்டே பதிவு: ஒன்று 25 நிமிடம், நீங்கள் தள்ளியது 33 நிமிடம். ஆக 2 மணித்தியாலத்துக்கு 10 டொலர்.

அந்தக் கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய் வளர்க்கிறீர்களா, என்ன தீனி, கடைசியாக எப்போது இணையத்தில் வாங்கினீர்கள் என்று எட்டுக் கேள்வி கேட்டுவிட்டு, ஒன்பதாவதாக எந்த நாடு என்று கேட்டு வெளியே அனுப்புகிறீர்கள். நான் கொழும்பில் இருப்பது, கணக்குத் திறந்த நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும். நாட்டை முதலில் பார்த்திருந்தால் என் நாயின் சரித்திரம் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து அந்தப் பதிவில் 14ஆம் நிமிடத்திலிருந்து 18ஆம் நிமிடம்வரை ஒருவரையாவது கேட்கச் சொல்லுங்கள். நான் கதைக்காமல் சும்மா இருந்திருந்தால் காசு வேண்டாம். கதைத்திருந்தால் அந்த 10 டொலரைத் தந்து, பணி முடியவில்லை என்பதற்காக மட்டும் இனி எவருடைய கூலியையும் வெட்டாமல் இருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பரிசோதகர்