வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: எங்கள் ஊர் கோழிக்கறிக் கடைக்காரர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். நான் வீட்டிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு செய்து கொடுப்பவள். வாரா வாரம் காலை ஆறரைக்கு உங்களில் யாராவது ஒருவர் கடையில் நிற்பேன். உங்கள் கை வேகத்தைப் பார்த்து எத்தனையோ முறை அசந்திருக்கிறேன். அந்த வேகத்தில் ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போகிறது. அதைக் கேட்கச் சொல்லித்தான் இந்த மடல்.

"கறி கட்டா, பிரியாணி கட்டா?" என்று கேட்கிறீர்கள். அது துண்டு சின்னதா பெரியதா என்கிற கேள்வி. எது கேட்டாலும் நெஞ்சும் தொடையும் ஒரே கவரில் கலந்துதான் வருகிறது. "என்ன செய்யப் போறீங்க?" என்று யாரும் கேட்பதில்லை.

கலந்தால் என்ன ஆகிறது என்று ஒரு நாள் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். போன மாதம் கறி கட் வாங்கிப் போய்க் குழம்பு வைத்தேன். கால் மணி நேரத்தில் நெஞ்சுத்துண்டு வெந்துவிட்டது. கடித்துப் பார்த்தேன், மெதுவாக இருந்தது. அதே நேரத்தில் தொடைத்துண்டு எலும்பை விடாமல் ரப்பர் மாதிரி இழுத்தது. சரி என்று இன்னும் இருபது நிமிடம் விட்டேன். தொடை பூவாக வெந்தது, ஆனால் நெஞ்சு நூல் நூலாகப் பிரிந்து தொண்டையை அடைத்தது. சாப்பிட்ட பெரியவர் ஒருவர் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். மசாலாவில் குறை இல்லை. இரண்டு விதக் கறியை ஒரே நேரம் வேக வைத்ததுதான் குறை.

காரணம் கோழியின் உடம்பிலேயே இருக்கிறது. கோழி நாள் முழுக்கக் காலில்தான் நிற்கிறது, நடக்கிறது. அதனால் கால் கறியில் சவ்வும் கொழுப்பும் அதிகம், நிறமும் கொஞ்சம் அடர்த்தி. அந்தச் சவ்வு சூட்டில் நிதானமாகத்தான் கரையும். கறியின் உள்சூடு 80 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றால்தான் அது கரைந்து குழம்புக்கே ஒரு வழவழப்பைக் கொடுக்கும். இறக்கைக்கு வேலை இல்லாத பிராய்லர் கோழியின் நெஞ்சில் அந்தச் சவ்வு மிகக் குறைவு. அது 74 டிகிரி தொட்டாலே பயமில்லாமல் சாப்பிடலாம். அதற்கு மேல் வேக வைத்தால் ஈரத்துணியைப் பிழிவது போல உள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடும். பிழிந்துபோன நெஞ்சைக் குழம்பிலேயே ஊறப்போட்டாலும் பழைய மென்மை திரும்பாது.

போன ஞாயிறு உங்களில் ஒருவர் நான் கேட்டபடி வெட்டிக் கொடுத்தார். மூன்று கோழி. ஆறு முழுக்கால்களையும் மூட்டில் மட்டும் பிரித்தார், தொடை ஆறு, கால் ஆறு. நெஞ்சை எலும்பெடுத்து வெட்டாமல் முழுசாகவே தந்தார், ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முதுகு, கழுத்து, இறக்கை தனிக் கவர்.

முதலில் முதுகையும் கழுத்தையும் மஞ்சள், இஞ்சி போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். அந்தச் சாறுதான் குழம்புக்குத் தண்ணீர். கால் துண்டுகளில் எலும்பு வரைக்கும் இரண்டு கீறல் போட்டு, உப்பும் தயிரும் பிசறி ஒரு மணி நேரம் வைத்தேன். சின்ன வெங்காயம் வதக்கி, மசாலா பிரட்டி, கறி போட்டு, சாறு ஊற்றினேன். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிட்டேன், 35 நிமிடம். வெந்ததற்கு அடையாளம் காலின் கணுப்பக்கம்தான். கறி மேலே சுருங்கி ஏறி, எலும்பு முனை ஒரு விரற்கடை வெளியே தெரியும். தொடை எலும்பைப் பிடித்துத் திருகினால் இடம் கொடுக்கும். அரைத்த தேங்காயை அப்புறம்தான் ஊற்றினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நன்றாக வெந்த காலில்கூட எலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து, கறி பழசு என்று உங்களோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. பிராய்லர் ஐந்தாறு வாரக் குஞ்சு, எலும்பு முற்றியிருக்காது. உள்ளிருக்கும் மஜ்ஜை கசிந்து அப்படிக் கறுக்கும். கறி பழசாக இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்பவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நெஞ்சில் பள்ளிபாளையம் வறுவல் செய்தேன். நெஞ்சுக்கறியின் நார் நீளவாக்கில் ஓடும். அதற்குக் குறுக்கே கத்தி வைத்தால்தான் வாயில் நார் குட்டையாக வந்து மெதுவாக இருக்கும். அதனால்தான் அதை முழுசாகக் கேட்கிறேன். சுண்டுவிரல் கனத்துக்குச் சிறு துண்டாக வெட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி தூள் உப்பு கரைத்து அரை மணி நேரம் ஊற வைத்தேன். உப்பை உறிஞ்சிய கறி அடுப்பில் நீரை அவ்வளவு சீக்கிரம் விடாது. வறுவலில் அப்புறம் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமாகப் பள்ளிபாளையம் என்றால் எலும்போடு போட்டுத் தண்ணீர் தெளித்து மூடி வைப்பார்கள். நெஞ்சுக்கு அது ஆகாது. நல்லெண்ணெயில் விதை எடுத்த வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல் எல்லாம் முழுசாக வதங்கிய பிறகுதான் கறியைப் போட்டேன். அதையும் ஒரே தடவையில் போடவில்லை. 400 கிராமாக மூன்று ஈடு. மொத்தமாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, கறி தண்ணீர் விட்டு அதிலேயே வேகும். ஒரு ஈட்டுக்குப் பெரிய தீயில் ஆறேழு நிமிடம். பெரிய துண்டாக ஒன்றை எடுத்து நடுவில் கிள்ளிப் பார்த்தால் கண்ணாடி போன்ற பளபளப்பு போய் வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டும். அந்த நொடியில் இறக்கிவிட்டேன். அன்றைக்கு எந்தத் தட்டிலும் மிச்சம் இல்லை.

ஆக, நான் கேட்பது இதுதான். குழம்பு, பிரியாணி என்பவர்களுக்குக் கால் பகுதியைக் கூடுதலாகக் கொடுங்கள், நெஞ்சைத் தனிக் கவரில் போடுங்கள். தம்மில் இருபத்தைந்து நிமிடம் கிடந்தாலும் கால் தாங்கும், நெஞ்சு தாங்காது. சிக்கன் 65 கேட்டால் தொடையில் எலும்பெடுத்துத் தர முடியும் என்று சொல்லிப் பாருங்கள். எண்ணெயில் ஒரு நிமிடம் கூடிப்போனாலும் தொடைக்கறி வறண்டுவிடாது. கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுப்பார்கள், நான் கொடுக்கிறேன். காலை நடுவில் கொத்துவதைத் தயவு செய்து நிறுத்துங்கள். எலும்பு சிம்பு சிம்பாகச் சிதறிக் குழம்பில் கிடக்கிறது, என் அண்ணன் பையன் தொண்டையில் ஒருமுறை குத்தியே விட்டது. மூட்டில் வெட்டினால் ஒரு சிம்பும் வராது.

இன்னொன்றும் உண்டு. மூன்று கிலோ உயிர் எடைக் கோழியின் நெஞ்சில் சில சமயம் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடி, தொட்டால் கட்டையாக இருக்கும். அதை எப்படிச் சமைத்தாலும் மெதுவாக வராது. வறுவலுக்கு நெஞ்சு கேட்பவர்களுக்கு இரண்டு கிலோவுக்குள் உள்ள கோழியைப் பிடியுங்கள். கட்டை நெஞ்சு வந்துவிட்டால் கொத்திக் கொடுத்துவிடுங்கள், கட்லெட்டுக்கு ஆகும்.

நாட்டுக்கோழிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேறு. முற்றின கோழியின் நெஞ்சும் காலும் குக்கருக்குத்தான் போக வேண்டும், அதைக் கலந்தே வெட்டுங்கள்.

வரும் ஞாயிறு ஆறரைக்கு இரண்டு தூக்குவாளியோடு வருகிறேன். பெரியதில் காலைப் போடுங்கள், சின்னதில் நெஞ்சு.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்