வெறி என்று நினைத்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் ஒரு மத்தியானம் கொக்குவில் சந்திக்குக் கிட்ட, மதகடியில் ஒரு ஐயா சாய்ந்து கிடந்தார். பக்கத்தில் சைக்கிள் விழுந்து கிடந்தது. மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்தேன். ஆளுக்கு வேர்த்துக் கொட்டியது, ஏதோ குழறினார். "வெறி போல கிடக்கு" என்றார் பின்னால் வந்தவர். சரி என்று நானும் போய்விட்டேன். அவர் சொன்னதால் நான் நிற்கவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பதால் அவரும் நிற்கவில்லைப் போலும்.

பிறகுதான் கேள்விப்பட்டேன். ஓர் ஓட்டோக்காரத் தம்பி இறங்கிப் பேச்சுக் கொடுத்து, பையில் கிளினிக் கொப்பியைக் கண்டு, சீனித்தண்ணீர் பருக்கியிருக்கிறார். நீரிழிவுக்காரர், மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வெளிக்கிட்டிருக்கிறார். இரத்தத்தில் சீனி இறங்கினால் ஆள் வெறிகாரரைப் போலவே தள்ளாடுவார், குழறுவார். (நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு எடுக்க வேண்டும்.)

ஜெர்மனியில் இருக்கும் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் எசன் நகர வழக்கைச் சொன்னார். 2016இல் அங்கே ஒரு வங்கியின் பணமெடுக்கும் கூடத்தில் எண்பது வயது கடந்தவர் மயங்கி விழுந்தார். நால்வர் அடுத்தடுத்து வந்து, அவரைக் கடந்து காசு எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாவதாக வந்தவரே அம்புலன்ஸை அழைத்தார். முதியவர் சில நாட்களில் இறந்தார். வீடற்றவர் படுத்திருக்கிறார் என்று நினைத்தோம் என்பதுதான் அவர்களின் சாட்டு. 2017இல் மூவருக்கு 2,400 முதல் 3,600 யூரோ வரை அபராதம். முந்தி உதவியிருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார் என்று மருத்துவம் சொன்னது. அப்படியிருந்தும் தண்டித்தார்கள். சாவுக்காக அல்ல, பாராமல் போனதற்காக.

எங்கள் சட்டத்தில் விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதிக்கு நின்று உதவும் கடமை உண்டு. வழிப்போக்கருக்குப் பொதுவாக அப்படி ஒன்றும் இல்லை. எனவே என்னை யாரும் கோட்டுக்கு இழுக்கப் போவதில்லை. ஆனால் "தெரியாது" என்ற சாட்டு எனக்குச் செல்லாது என்றே நினைக்கிறேன். "ஐயா, என்ன செய்யுது?" என்று கேட்க அரை நிமிடம் போதும். கேட்காததால்தானே தெரியாமல் போனது. வெறியாகவே இருந்தாலும், மல்லாந்து கிடப்பவர் சத்தியெடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய் அடைக்கும்.

எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. இரவில் தனியே வரும் பெண் இறங்காமல் போனால் நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த சந்திக்குப் போய், காசில்லாத அந்த 1990 அழைப்பையும் எடுக்காமல் விட்டால்தான் குறை. "பொலிஸ், கோடு எண்டு அலைய ஏலாது" என்று பயப்படுபவருக்கும் இதுதான் என் பதில். தன்னால் ஆபத்தில்லாமல் செய்யக்கூடிய மிகச் சின்ன வேலையையும் செய்யாமல் விடும் இடத்தில்தான் பழி தொடங்குகிறது.

எனக்கு அந்தப் பயமும் இருக்கவில்லை. பட்டப்பகல், கையில் போன். வீட்டுக்குச் சோறு தின்னத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
கொக்குவில் வாசகர் ஒருவர்