எந்த இடம் என்று சொல்லு

அன்புள்ள கலாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து ரொம்ப நாளாயிற்று, பதில் போடவில்லை. திட்டித் தீர்த்துக்கொள். வார்டு இன்சார்ஜ் ஆனதிலிருந்து நான் எழுதுவதெல்லாம் மருந்து இண்டென்ட்டும் டியூட்டிப் பட்டியலும்தான். உன் அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியதா? பூங்கோதை பெண் கல்யாணத்துக்கு நான் வராததற்கு அவள் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். இருக்கட்டும், அவள் கோபம் நமக்கென்ன புதுசா?

இப்போது என்னைப் பேனா எடுக்க வைத்தது உன் மகள். நேற்று ராத்திரி யாழினி போன் பண்ணினாள். ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் போஸ்டிங்காம். ஒரு பெரியவரிடம் போய், "என்ன செய்யுது தாத்தா?" என்று கேட்டிருக்கிறாள். "கொட்ட வீங்கிப்போச்சு தாயி, உக்கார முடியல" என்றிருக்கிறார் அவர். இவள் நோட்டை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்களாம், சீனியர் திட்டினாராம், படிப்பே வேண்டாம் என்று ஒரே அழுகை. இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் படிச்சுக்குங்க" என்று பக்கத்தைப் புரட்டுகிற டீச்சர் பெற்ற பெண் வேறெப்படி இருப்பாள்? கோபப்படாதே, நம் பெருமாள் சாரிடம் படித்த எல்லோருக்கும் இதே கதிதான்.

ஆனால் அந்தப் பெரியவர் என்ன தப்பு சொன்னார், சொல்லு. எந்த உறுப்பு, என்ன ஆகியிருக்கிறது, அதனால் என்ன கஷ்டம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஒருவர் விதை என்பார், ஒருவர் விரை என்பார், கொஞ்சம் வயதானவர்கள் உயிர்நிலை என்பார்கள், லாரி ஓட்டுகிறவர் சாமான் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வார். அவர்களுக்கு அது வீட்டில் புழங்குகிற சொல். யாழினியிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "படுத்தா வீக்கம் உள்ள போயிருதா தாத்தா, இருமினா பெருசாகுதா?" ஆமாம் என்றால் குடல் இறங்கியிருக்கலாம். எப்போதும் ஒரே அளவில் இருக்கிறது, வலியும் பெரிதாக இல்லை என்றால் நீர் கோத்திருக்கலாம். ஊரில் இரண்டையுமே ஓதம் என்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க முதலில் ஓடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்களை உண்மையில் படுத்துகிறது நாகரிகமான பேச்சுதான் கலா. "கீழ வலிக்குது", "அந்த எடத்துல புண்ணு", "அடியில ஒரு மாதிரி இருக்கு." அந்த இடம் என்றால் எந்த இடம்? நெஞ்சில் வலி என்று ஒரு பெண் சொல்வாள், ஈசிஜி எடுத்து எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார்கள். அவள் மார்பில் கட்டி இருப்பதைத்தான் சொல்ல வந்திருப்பாள்.

போன மழைக்காலத்தில் ஓர் அப்பத்தா வந்தார். 60 வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மகன் கூட்டிக்கொண்டு வந்தான். மகன்தான் பேசினான்: "அம்மாவுக்கு ஒண்ணுக்குல ரத்தம் வருது சிஸ்டர்." கையில் பழைய சீட்டுகள். வெளியே எங்கேயோ சிறுநீர் பரிசோதனை செய்து, சிவப்பணு இருக்கிறது, சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நிற்கவில்லை. திரும்பப் பரிசோதனை, திரும்பச் சிவப்பணு, வேறு மாத்திரை. அதிலேயே இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது.

சீட்டில் இருந்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு இடித்தது ஒன்றுதான். எரிச்சல் உண்டா என்றால் இல்லை என்கிறார், அடிக்கடி போகிறதா என்றால் இல்லை, காய்ச்சலும் இல்லை. நீர்க்கடுப்பு வந்தவர்கள் இப்படி நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மகனை மருந்துச் சீட்டு பதிய அனுப்பிவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்டால் பதில் வராது.

"அப்பத்தா, ஒண்ணுக்குப் போறப்ப மட்டுந்தான் வருதா, சும்மா இருக்கயிலயும் சேலையில படுதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "படுது தாயி. ராத்திரி பாயில கூட படுது."

"நின்னு எத்தன வருசம் ஆச்சு?"

"அது ஆச்சு, எம் பேத்தி பொறக்கும் முந்தியே."

பேத்தி பத்தாவது படிக்கிறாள்.

கலா, அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் முழுவதுக்கும் ஒரே பேர்தான், ஒண்ணுக்குப் போற எடம். நீர் வருகிற துவாரம் தனி, பிள்ளை பிறக்கிற வழி தனி, மலம் போகிற இடம் தனி என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நமக்கே ஹாஸ்டலில் இருந்தபோது தெரியுமா? சிறுநீர் பிடிக்கும்போது, கீழ் வழியில் வருகிற ரத்தமும் பாட்டிலில் கலந்துவிடும். ஆய்வகம் சிவப்பணு என்றுதான் எழுதும். நோயாளி சொன்ன சொல்லும் பரிசோதனையும் ஒன்றையொன்று ஆமோதித்துக்கொண்டே போயிருக்கின்றன.

பெண் டாக்டரிடம் சொன்னேன். சுத்தமான பஞ்சுத் துணி ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒண்ணுக்குப் போகாமல் கொஞ்ச நேரம் உட்கார வைத்தோம். துணியில் கறை. அப்புறம் அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிட்டு, மெல்லிய குழாய் போட்டுச் சிறுநீர்ப்பையிலிருந்து நேராக மாதிரி எடுத்தேன். வெளிர் மஞ்சளாகத் தெளிந்து வந்தது, ஆய்வகத்திலும் சிவப்பணு இல்லை. குழாய் உரசினாலே சில சிவப்பணுக்கள் வந்துவிடும், அதனால் அவை இருந்தால் இந்தச் சோதனை ஒன்றையும் முடிவு செய்யாது. இல்லை என்றால்தான் பதில் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது. ரத்தம் கர்ப்பப்பைப் பக்கத்திலிருந்து வருகிறது.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு அது பெரிய நோயாக இருக்காது. உள்ளே வறண்டு மெலிந்திருக்கும், இல்லை சின்னச் சதை வளர்ந்திருக்கும். அந்தப் பத்தாவது ஆள் யார் என்பது பார்க்காமல் தெரியாது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சதை எடுத்துப் பார்ப்பார்கள். அப்பத்தாவுக்கு 11. சதைப் பரிசோதனையில் புற்றுநோய். கர்ப்பப்பையை விட்டு வெளியே பரவவில்லை. கர்ப்பப்பையும் முட்டைப்பைகளும் எடுத்தாயிற்று, இப்போது பரிசோதனைக்கு வந்துபோகிறார். வரும்போதெல்லாம் முருங்கைக்காய் கொண்டுவருகிறார், வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

தையல் பிரித்த அன்றைக்குக் கேட்டேன், ஏன் அப்பத்தா, தீட்டு மாதிரி படுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே என்று. "இந்த வயசுல தூரமாயிட்டேன்னு மகங்கிட்ட சொல்லவா? தாலியறுத்தவ சொல்ற பேச்சா அது?" என்றார். ஒண்ணுக்கு என்றால் மகனிடம் சொல்லலாம். அது கௌரவமான வியாதி.

யாழினிக்கு இதைத்தான் சொன்னேன். நோயாளி என்ன சொல் சொன்னாரோ அதையே நீயும் ஒரு தடவை திருப்பிச் சொல்லு. "கொட்ட வீங்கியிருக்கா தாத்தா, எந்தப் பக்கம்?" என்று நீ கேட்டுவிட்டால் அவருக்குக் கூச்சம் பாதி போய்விடும். நீ 'விரைப்பை' என்று திருத்தினால் அவர் வாயை மூடிக்கொள்வார். கேஸ் ஷீட்டில் நோயாளி சொன்னதை மேற்கோள் போட்டு அப்படியே எழுது, கீழே மருத்துவப் பேரை எழுது. புரியவில்லை என்றால் "துணிக்கு மேல கைய வச்சுக் காட்டுங்க" என்று கேள். மகன், மருமகள் யார் இருந்தாலும் வெளியே அனுப்பு. முகத்தை மட்டும் சுளிக்காதே. ரோட்டுச் சண்டையில் கத்துவார்களே, அந்த மூன்றெழுத்துச் சொல், அதைக்கூட ஒரு பிரசவ வலிக்காரி என்னிடம் வெகு சாதாரணமாகச் சொன்னாள், எரியுது என்று. எங்கே எரிகிறது என்று எனக்கு உடனே தெரிந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டது உனக்காக இல்லை, உன் மாமியார் தபாலைப் பிரித்துப் படிக்கிற வழக்கத்துக்காக. (வணக்கம் அத்தை.)

உன் வேலைக்கும் ஒன்று. எட்டாவது, ஒன்பதாவது பையன் திடீரென்று அடிவயிறு வலி என்று சுருண்டு, வாந்தியும் எடுத்தால், ஓம வாட்டர் கொடுத்து உட்கார வைக்காதே. ஆண் ஆசிரியர் ஒருவரிடம், அவனைத் தனியாகக் கூட்டிப்போய், "கொட்டையில வலிக்குதாடா?" என்று நேராகக் கேட்கச் சொல். விரை முறுக்கிக்கொண்டால் பையன்கள் வெட்கப்பட்டு வயிறு என்றுதான் சொல்வார்கள். ஒரு பக்கம் மேலே ஏறி, தொட்டாலே துடிப்பான். 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், மறுநாள் ஆகிவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். பெற்றோர் வயலிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

யாழினி இன்றைக்கு டியூட்டிக்குப் போய்விட்டாள். பெரியவர், "நேத்து எதுக்குத் தாயி ஓடுன?" என்று கேட்டாராம், இவளும் சிரித்துவிட்டாளாம். வெள்ளிக்கிழமை அவருக்கு ஆபரேஷன், கூடவே இருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. உன் கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில், "எனக்கும் அந்தத் தொந்தரவு விட்டு விட்டு இருக்கு, வயசானா அப்படித்தானே" என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தொந்தரவு? எந்த இடம்? ரத்தமா, வெள்ளையா, இருமினால் நீர் கசிகிறதா, ஏதாவது இறங்கி வருகிற மாதிரி இருக்கிறதா? உனக்கு நின்று மூன்று வருஷம் ஆகிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாளை மத்தியானம் எனக்கு ஓய்வு. மாமியார் தூங்கியதும் மொட்டை மாடிக்குப் போய் எனக்குப் போன் பண்ணு. எந்தச் சொல்லில் வேண்டுமானாலும் சொல்லு.

உன்,
வசந்தா