வாழைத்தண்டுச் சாறும் உன் 5 மில்லிமீட்டர் கல்லும்

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். இடது சிறுநீர்க்குழாயின் அடியில், சிறுநீர்ப்பைக்குக் கிட்டத்தில் 5 மில்லிமீட்டர் கல். கூடவே, "வாழைத்தண்டுச் சாறு குடித்ததும் வலி நின்றுவிட்டது, கல் கரைந்திருக்கும், இனி ஸ்கேன் வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

வார்டில் எத்தனையோ கல் நோயாளிகளைப் பார்த்தவள் சொல்கிறேன், கேள். கல் குழாயை அடைக்கிறது, பின்னால் சிறுநீர் தேங்குகிறது, குழாயும் சிறுநீரகமும் வீங்குகின்றன. அந்த வீக்கம்தான் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. கல் லேசாக நகர்ந்து ஓரத்தில் சிறுநீர் கசிய ஆரம்பித்தாலும் வலி நின்றுவிடும். அடைப்பு அப்படியே நீடித்து, அந்தச் சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொண்டாலும் நின்றுவிடும். குடியாத்தம் சித்தப்பாவுக்கு நடந்தது இரண்டாவது. சாறு குடித்து வலி போனதும் ஸ்கேனுக்குப் போகவில்லை. பல மாதம் கழித்து வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் செய்தபோது கல் அதே இடத்தில் இருந்தது, சிறுநீரகம் வீங்கிச் சதை மெலிந்து போயிருந்தது. அதனால் கல் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் ஊரில் இத்தனை பேர் சாறால் கல் போனது என்கிறார்களே என்பாய். 5 மில்லிமீட்டர் வரை உள்ள கல், குழாயில் இறங்கிவிட்டால், மூன்றில் இரண்டு பேருக்குத் தானாகவே வெளியேறிவிடும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்குள். அந்தச் சமயத்தில் எதைக் குடித்தாலும் பேர் அதற்குத்தான் போகும். எலிகளுக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரில் கல்லை உண்டாக்குகிற ஆக்ஸலேட் குறைந்தது உண்மை. ஆனால் அது எலி. மனிதர் உடம்பில் உருவாகிவிட்ட கல்லைக் கரைத்ததாக நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. நம்மவர்களுக்கு அதிகம் வருவது கால்சியம் ஆக்ஸலேட் கல். அது எந்தச் சாற்றுக்கும் கரையாது. யூரிக் அமிலக் கல் என்றால் மருந்தில் கரையும், அதுவும் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கிற சிட்ரேட் மருந்தை டாக்டர் சொல்கிறபடி விடாமல் எடுத்தால்தான். வாழைத்தண்டுச் சாற்றில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதனால் வருகிற நன்மையில் பெரும்பங்கு அந்தத் தண்ணீருடையதுதான்.

குடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நம் வீட்டில் செய்கிற மாதிரி செய். பட்டையை உரித்து, வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, மோர்த்தண்ணீரில் போட்டு, அப்புறம் அரைத்து வடிகட்டு. ஒரு சின்ன டம்ளர், 150 மில்லி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். உப்பு போடாதே. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும், கல்லுக்குத் தீனி போட்ட மாதிரி. வலி எடுக்கும்போது கல்லைத் தள்ளுகிறேன் என்று லிட்டர் கணக்கில் குடிக்காதே, அடைப்புக்குப் பின்னால் வீக்கம்தான் கூடும். பாலையும் தயிரையும் நிறுத்தாதே. சாப்பாட்டோடு போகிற கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன்னால் ரத்தத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினினும், பொட்டாசியமும் பார்த்துவிடு. வாழைத்தண்டில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அது ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். நைனாவும் உன்னோடு சேர்ந்து தினமும் குடிக்கிறேன் என்று கிளம்பினார். அவர் பிரஷருக்குப் போடுகிற டெல்மிசார்டன் மாத்திரையே பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாரம் ஒரு நாள் பொரியலாகச் சாப்பிடுகிறார்.

மஸ்கட் வெயிலில் சைட்டில் நிற்கிற உனக்குத் தண்ணீர்தான் முக்கியம். குடித்த கணக்கை விடு, வெளியே போகிற கணக்கைப் பார். வலி இல்லாத நாட்களில் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும், நிறம் வெளிறி இருக்க வேண்டும். நம் வேலூர் கத்திரி வெயிலில் சொல்வேனே, மஞ்சளாகப் போனால் பாட்டிலை எடு என்று, அதேதான்.

சிறுநீரை ஒரு பழைய டீ வடிகட்டியில் பிடி. கல் கிடைத்தால் சின்ன டப்பாவில் போட்டு லேபில் கொடு, என்ன வகை என்று தெரிந்தால்தான் அடுத்த கல்லைத் தடுக்க வழி சொல்ல முடியும். குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, வாந்தியில் எதுவும் தங்காமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. அடைப்புக்குப் பின்னால் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் ஆபத்தாகிவிடும்.

அடுத்த வாரம் டாக்டர் சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போ. கல் இன்னும் அங்கேயே இருந்தால், எத்தனை நாள் காத்திருக்கலாம், வீக்கம் இருக்கிறதா என்று இரண்டையும் கேள். ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு, கிரியாட்டினின் பக்கத்தை விட்டுவிடாதே.

அம்மா